மறுப்புச் சொன்ன நாளைக் குறித்து வையுங்கள்

உடையையும் உடலையும் வைத்து அலுவலகத்தில் ஒருவர் கிண்டல் செய்கிறார். "இப்படிப் பேசாதீர்கள்" என்று சொன்ன பிறகும் தொடர்கிறார். இனி "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்ற சமாதானம் விசாரணையில் எளிதில் எடுபடாது. ஆகவே நீங்கள் மறுத்த நாளையும் சொன்ன வார்த்தைகளையும் முதலில் குறியுங்கள்.

பிறகு நடப்பதை அன்றன்றே எழுதுங்கள்: செவ்வாய், மதியம் 1.15, கேன்டீன், உடன் இருந்தவர் பெயர். "ஆபாசமாகப் பேசினார்" என்று சுருக்காமல், கூச்சமாக இருந்தாலும் அவர் சொன்னதை அப்படியே எழுத வேண்டும். அலுவலகக் கணினியில் மட்டும் வைக்காதீர்கள். கணக்கை முடக்கினால் குறிப்பும் போய்விடும்.

இந்தியாவில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, இத்தகைய பாலியல் சீண்டலுக்கு ஆளான பெண், கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம்.