சவூதிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: மந்திக் கடையில் நாலு ஹப்பா

வந்த முதல் வாரத்திலேயே யாராவது உங்களைச் சோற்றின்மேல் கோழியோ ஆட்டுக்கறியோ வைத்துத் தரும் மந்திக் கடைக்குக் கூட்டிப்போவார்கள். அடுத்த முறை தனியாகப் போவீர்கள். சின்னக் கடைகள் பலவற்றில் மெனு அரபியில் மட்டும்தான். போனில் படம் எடுத்தால் மொழிபெயர்த்துக் கொடுக்கும், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அளவுச் சொற்களில்தான் காலை வாரிவிடும். அதற்கு ஒரு குட்டி அரபுக் கதை.

ரியாத்துக்கு வந்த பயணி ஒருவர் மனைவியோடு இரவுச் சாப்பாட்டுக்குப் போனார். மெனுவைப் படம் எடுத்தார். கோழி மந்திக்கு நேராக இருந்த 'ஹப்பா' என்ற சொல்லுக்குப் போன் 'துண்டு' என்றது. ஆளுக்கு இரண்டு துண்டு போதும் என்று நாலு விரலைக் காட்டினார். "அர்பஅ ஹப்பா?" என்று பரிமாறுகிறவர் இரண்டு தடவை கேட்டார். இவரும் இரண்டு தடவை தலையாட்டினார். உடனே அவர்களைச் சின்ன மேசையிலிருந்து எழுப்பி, தரையில் உட்காரும் பெரிய அறைக்கு அழைத்துப்போய், சாப்பாடு வைக்கும் பிளாஸ்டிக் விரிப்பான சுஃப்ராவை நீளமாக விரித்தார்கள். மரியாதை பலமாக இருக்கிறதே என்று மனைவி மகிழ்ந்தார். பிறகு சோற்று மலைமேல் நாலு முழுக்கோழி வந்து இறங்கியது. மீதி விருந்தாளிகள் எப்போது வருவார்கள் என்று கடைக்காரர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கால்வாசிகூடத் தீரவில்லை. கடைக்காரர் மெனுவின் அடியில் இருந்த 'சஃபரி' என்ற சொல்லைத் தொட்டுக் காட்டினார். பயணி அதையும் படம் எடுத்தார். 'பயணம்' என்றது போன். "ஆமாம், நாளைக் காலை ஜித்தாவுக்கு" என்றார். அவர் சொன்னது புரியாவிட்டாலும், தலையாட்டியதைப் பார்த்து நாலு பொட்டலம் கட்டி நீட்டினார்கள்.

கோழிக் கணக்கில் ஹப்பா என்றால் ஒரு முழுக்கோழி. 'நுஸ் ஹப்பா' அரைக்கோழி, 'ருபு' கால். நம் ஆள் ஒருவருக்குச் சோற்றோடு ருபு தாராளம். நல்ல பசி என்றால் நுஸ். ஆட்டுக்கறிக்கு 'நஃபர்' என்று போட்டிருக்கும். ஓர் ஆளுக்கான பங்கு அது. சஃபரி என்றால் பார்சல், 'மஹல்லி' என்றால் இங்கேயே சாப்பிடுவது. இது தெரியாமல் நின்றால் கல்லா வரிசையில் உங்களுக்குப் பின்னால் நிற்பவர் பொறுமையிழப்பார்.

மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 'லஹம்' என்பதற்குப் போன் 'இறைச்சி' என்று மட்டும் காட்டும். எந்த விலங்கு என்று சொல்லாது. மந்திக் கடையில் அது பெரும்பாலும் ஆடு, ஷவர்மாக் கடையில் பெரும்பாலும் மாடு. "பகர்?" என்று கேளுங்கள், மாடு என்றால் ஆம் என்பார்கள். 'கனம்' ஆடு. 'ஹாஷி' இளம் ஒட்டகம்.