‘பார்க்கலாம்’ என்று எழுதாதீர்கள்: லிங்க்ட்இன்னில் விற்பனை அழைப்பை மறுக்கும்போது நடக்கும் தவறுகள்

போன வாரம் பெரியப்பா மகள் அவளுடைய போனைக் கொண்டுவந்து காட்டினாள். காரைக்குடியில் தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை செய்து வெளியூருக்கு அனுப்புகிறாள். லிங்க்ட்இன்னில் கணக்குத் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. பேக்கிங் டப்பா விற்கிற ஒருவர் அறிமுக அழைப்போடு இரண்டு வரி எழுதியிருந்தார். “வேண்டாம்னு எப்படிண்ணே சொல்றது, பாவமா இருக்கு. பார்க்கலாம்னு போட்டுடவா?” என்று கேட்டாள். கேட்டதும் எனக்குப் பழைய கோபம் வந்துவிட்டது. கோபம் அவள் மேல் இல்லை, அந்தச் சொல்லின் மேல்.

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற பூக்கல் பட்டறை நடத்துகிறேன். வாரத்துக்கு நாலைந்து அழைப்பாவது இப்படி வரும். திட்டி எழுதக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாமல் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

## ‘பார்க்கலாம்’ என்பது மறுப்பு அல்ல

நம் ஊரில் ‘பார்க்கலாம்’ என்றால் வேண்டாம் என்று பொருள். பத்திரிகை வைக்க வந்தவரிடம் ‘பார்க்கலாம், வரப் பார்க்கிறேன்’ என்றால், இவர் வரமாட்டார் என்று அவருக்கே தெரியும். முகத்தைப் பார்த்துப் பேசுவதால் அது புரிகிறது. விற்பனையில் இருப்பவருக்கு அந்தச் சொல் எழுத்தாகப் போய்ச் சேர்கிறது. யார் வேண்டாம் என்றார், யார் பிறகு என்றார், யாருக்கு எந்தத் தேதியில் மறுபடி எழுத வேண்டும் என்று அவரிடம் ஒரு பட்டியல் இருக்கும். ‘பார்க்கலாம்’ என்றால் நீங்கள் அதில் ‘பிறகு’ என்ற வரிசையில் ஏறிவிடுகிறீர்கள்.

சில வருடங்களுக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி அழைப்பு அனுப்பினார். இருப்புக் கணக்கு வைக்கிற மென்பொருள் விற்றுக்கொண்டிருந்தார். “உங்கள் படங்களில் பார்டர் கல்லும் நடுக்கல்லும் தனித்தனியாக அடுக்கியிருப்பதைப் பார்த்தேன், கணக்கு வைப்பது சிரமமாக இருக்குமே” என்று எழுதியிருந்தார். கட்டணம் கட்டாத கணக்கில் அந்தக் குறிப்புக்குக் கொஞ்சம்தான் இடம். அதை அவர் என் பட்டறையைப் பார்த்துச் செலவழித்திருந்தார். எனக்கு அந்த மென்பொருள் வேண்டாம் என்பது படித்தவுடனே தெரியும். இருந்தும், “பார்க்கலாம் தம்பி, பொங்கலுக்கு அப்புறம் பேசுவோம்” என்று எழுதினேன்.

பொங்கல் முடிந்து நாலாம் நாள் எழுதினார். “விவரம் அனுப்பி வையுங்கள்” என்றேன். அனுப்பினார், நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்புறம் கேட்டபோது ஆடி முடியட்டும் என்றேன். ஆவணியில் ஒரு நாள் பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார். என் படங்களிலிருந்த டிசைன் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, அளவு பிரித்து, அச்சடித்து எடுத்து வந்திருந்தார். கல் ஊறுகிற தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் வேண்டாம் என்று சொன்னேன். அந்தத் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தபடி, “முதல்லயே சொல்லியிருந்தா சந்தோஷமாப் போயிருப்பேன் சார்” என்றார்.

இரண்டு வருடம் கழித்து அவர் ஒரு கட்டுமான நிறுவனத்தில் கொள்முதல் பார்க்கிற வேலைக்குப் போயிருந்தார். எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒரு ஆர்க்கிடெக்ட் தன் வேலை ஒன்றுக்கு எங்கள் கல்லைச் சொல்லியிருக்கிறார். மூவாயிரம் சதுர அடி. “அவங்க தெளிவா ஒரு பதில் சொல்ல மாட்டாங்க” என்று அந்தத் தம்பி சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஆர்டர் வேறு பட்டறைக்குப் போனது. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

அவருக்கு அன்று நான் இப்படி எழுதியிருக்க வேண்டும்:

“வணக்கம் தம்பி. பார்டர் கல், நடுக்கல் என்று பிரித்துப் பார்த்து எழுதியதற்கு நன்றி. எங்கள் பட்டறையில் மூன்று பேர்தான் கல் போடுகிறோம், ஆர்டர் வந்த பிறகுதான் போடுகிறோம். அதனால் இருப்பு என்று பெரிதாக எதுவும் நிற்பதில்லை, இந்த மென்பொருள் எங்களுக்குத் தேவைப்படாது. மறுபடி நினைவூட்ட வேண்டாம், தேவை வந்தால் நானே எழுதுகிறேன். உங்கள் வேலை நல்லபடி நடக்கட்டும்.”

முதல் வரியில் அவர் பட்ட சிரமத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறோம். வெறும் நன்றியைவிட அதைத்தான் அவர் நினைவில் வைத்திருப்பார். ‘தேவைப்படாது’ என்பதில் பிறகு என்ற வாசனையே இல்லை. ‘நினைவூட்ட வேண்டாம்’ என்ற வரி கடுமையாகத் தோன்றும், ஆனால் அவரைப் பட்டியலிலிருந்து நம் பெயரை எடுக்க விடுவது அதுதான். ‘தேவை வந்தால் எழுதுகிறேன்’ என்பதை உண்மையாகவே எழுதுவீர்கள் என்றால் மட்டும் சேருங்கள்.

## அவரால் தீர்க்க முடிகிற காரணத்தைச் சொல்வது

‘இப்போ பணம் இல்லை’ என்றால் தள்ளுபடி வரும். ‘நேரம் இல்லை’ என்றால் அடுத்த மாதம் பத்து நிமிடம் கேட்பார். ‘கணக்குப்பிள்ளையைக் கேட்கணும்’ என்றால் கணக்குப்பிள்ளையின் நம்பரைக் கேட்பார். விற்பவருக்கு இவையெல்லாம் பழகிய தடைகள், தாண்டச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நம் வேலையின் அமைப்பிலிருந்தே வருகிற காரணத்தைச் சொன்னால் வாதம் எழாது. ஆர்டர் பிடித்துத் தருகிறோம் என்பவர்களுக்கு நான் எழுதுவது ஒன்றுதான். பூக்கல்லைக் கண்ணாடி மேல் கலவை ஊற்றிக் கையால் போடுகிறோம், அப்புறம் தண்ணீரில் ஊற வேண்டும், வெயிலில் காய வேண்டும். விசாரணை இரண்டு மடங்கு வந்தாலும் கொடுக்கக் கல் இருக்காது. இதற்குத் தள்ளுபடி எதுவும் மருந்தாகாது.

ஒரு காரணம் போதும். மூன்று சொன்னால் அதில் பலவீனமானதைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடர்வார்.

## மரியாதைக்கு ‘Accept’ அழுத்துவது

அழைப்பை ஏற்காமலேயே, வந்த குறிப்புக்குக் கீழிருந்து பதில் எழுத முடியும். இது தெரியாமல் பலர் முதலில் ஏற்றுக்கொண்டு அப்புறம் மறுக்கிறார்கள். ஏற்றுக்கொண்டால் அவர் எப்போது வேண்டுமானாலும் செய்தி அனுப்பலாம். அமைப்புகளில் நீங்கள் மாற்றி வைக்காத வரை உங்கள் தொடர்புகளின் பட்டியலையும் அவர் பார்க்கலாம். உங்கள் வாடிக்கையாளர்கள் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறார்கள். உங்கள் துறையிலேயே இருப்பவர், இன்னொரு நாள் பேச வேண்டியிருக்கும் என்று தோன்றினால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் மறுப்பை முதலில் எழுதிவிட்டு அப்புறம் அழுத்துங்கள்.

## இயந்திரம் அனுப்பியதற்குப் பதில் எழுதுவது

வேண்டாம். குறிப்பில் உங்கள் தொழிலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்றால், எல்லோருக்கும் ஒரே மாதிரி தானாகப் போகிற செய்தி என்று எடுத்துக்கொள்ளுங்கள், ‘Ignore’ போதும். அனுப்பியவருக்குத் தகவல் போகாது, யார் மனமும் புண்படாது.

## தப்பிக்க இன்னொருவர் பெயரைக் கொடுப்பது

செய்யவே கூடாது.

## இரண்டாவது முறை எழுதும்போது கொதிப்பது

தெளிவாக மறுத்த பிறகும் சிலர் ஒருமுறை எழுதுவார்கள். “முன்பு எழுதியதுதான் என் பதில், நன்றி” என்று ஒரு வரி. அதற்கு மேல் வந்தால் பேசாமல் இருங்கள். இரவு பதினோரு மணிக்கு நாலு பத்தி எழுதினால், நல்லபடி எழுதிய முதல் பதிலின் பலனும் போய்விடும்.

தங்கச்சியை அன்றே உட்கார்ந்து எழுத வைத்தேன். ‘சீடை நொறுங்காமல் போக டப்பாவில் தடுப்பு வைத்துத் தருவதாக எழுதியிருந்தது பிடித்தது. நான் பழைய தகர டின்னில்தான் அனுப்புகிறேன், வாங்குபவர்கள் அந்த டின்னையே கேட்கிறார்கள், அதனால் மாற்றப் போவதில்லை. மறுபடி கேட்க வேண்டாம்’ என்று எழுதினாள். கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று இரண்டு முறை கேட்டாள். இருக்கட்டும் என்றேன். சாயங்காலம் பதில் வந்தது: “சரி மேடம், பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். டின்னில் அடியில் என்ன விரிக்கிறீர்கள்?”