ஒரு நாளைக்கு பத்து தடவை போன் பண்ற கிளையன்ட்: புராஜெக்ட் கையை விட்டு போகாம பேச்சுக்கு ரூல் போடுறது எப்படி

புதுசா ஃப்ரீலான்ஸ் பண்ண வர்றவங்க என்கிட்ட அடிக்கடி கேக்குறது இதுதான். கிளையன்ட் நல்லவர்தான், காசும் குடுத்துடுறார், ஆனா போன் விடவே மாட்டேங்குறார், எடுக்கலைன்னா கோவிச்சுக்குவாரோ வேலையை வேற ஆளுக்கு குடுத்துடுவாரோன்னு பயமா இருக்கு, என்ன பண்றது? நான் கோயம்புத்தூர்ல இருந்து வெப்சைட் பண்ணி குடுக்குறேன். திருப்பூர்ல குழந்தைங்க டிரஸ் போடுற ஒரு யூனிட் ஓனருக்கு ஆன்லைன் கடை பண்ணப்போ எனக்கு இதே நிலைமைதான். 85,000 ரூபா வேலை, ஏழு வாரம், 40 பர்சன்ட் அட்வான்ஸ் வாங்கியாச்சு. அந்த வேலையில நான் என்ன பண்ணேன்னு வரிசையா சொல்றேன், இதுல வரிசை ரொம்ப முக்கியம், மாத்தி பண்ணா சண்டையில போய் முடியும்.

ஸ்டெப் 1: முதல் வாரம் ஒண்ணும் சொல்லாதீங்க, எழுதி மட்டும் வைங்க

ஒரு கூகுள் ஷீட் திறந்துக்கோங்க. கால் வந்த நேரம், எத்தனை நிமிஷம், எதுக்கு பண்ணார், இந்த மூணு விவரம் போதும். நான் திங்கள்ல இருந்து சனி வரைக்கும் எழுதினேன். மொத்தம் 61 கால், 5 மணி 10 நிமிஷம். அதுல 34 கால் "தம்பி, எது வரைக்கும் வந்திருக்கு?" மட்டும்தான். 15 கால் புது ஐடியா, கலர் மாத்தலாமா, பேனர் பெருசா வைக்கலாமா மாதிரி. 8 கால் நான் கேட்ட விஷயத்துக்கு பதில். நிஜமாவே அவசரம்னு சொல்லக்கூடியது 4.

இதை எழுதுறதுக்கு முன்னாடி எனக்கு அவர் மேல கோவம் மட்டும்தான் இருந்துச்சு. எழுதினதுக்கு அப்புறம்தான் பாதிக்கு மேல கால் ஒரே கேள்விக்குன்னு புரிஞ்சுது. அந்த கேள்விக்கு அவர் கேக்குறதுக்கு முன்னாடியே பதில் போயிட்டா அந்த 34 காலும் வரவே தேவையில்ல. இன்னொண்ணும் தெரிஞ்சுது, கால் எல்லாம் நாள் முழுக்க சமமா வரல, காலைல யூனிட்டுக்கு வந்து உக்கார்ற பத்தரைல இருந்து பதினொன்றரை, அப்புறம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல, இந்த ரெண்டு நேரத்துலதான் குவிஞ்சிருந்துச்சு.

ஸ்டெப் 2: ஏன் கூப்பிடுறார்னு கேளுங்க

சாதாரணமா பேசிட்டு இருக்கும்போது "அண்ணா, இதுக்கு முன்னாடி வெப்சைட் வேலை யாருகிட்டயாவது குடுத்திருந்தீங்களா?"ன்னு கேட்டேன். குடுத்திருக்கார். அந்த ஆள் அட்வான்ஸ் வாங்கிட்டு ரெண்டு வாரம் கழிச்சு போனை ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டு போயிட்டாராம். அப்போ நான் எடுக்காத ஒவ்வொரு காலும் அவருக்கு "இவனும் ஓடிட்டான்"னுதான் கேக்கும். இது தெரியாம நீங்க ரூல் போட்டா அதையும் ஓடுறதுக்கு வழி பாக்குறான்னுதான் எடுத்துக்குவார்.

சில இடத்துல காரணம் வேறயா இருக்கும். உங்ககிட்ட பேசுறவருக்கு மேல ஒரு ஓனர் இருப்பார், அவர் கேக்க கேக்க இவர் உங்களை கூப்பிடுவார். அப்படின்னா மேல அப்படியே ஃபார்வர்டு பண்ற மாதிரி அப்டேட் எழுதி குடுக்கணும்.

ஸ்டெப் 3: ரூல் போடுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் நீங்களா அப்டேட் குடுங்க

நிறைய பேர் தப்பு பண்றது இங்கதான், நேரா போய் "சார் இனிமே இத்தனை மணிக்கு மேல கூப்பிடாதீங்க"ன்னு ஆரம்பிச்சுடுறாங்க. முதல்ல குடுக்கணும், அப்புறம்தான் கேக்கணும். அவர் பத்தரைக்கு கூப்பிடுவார்னு தெரியுமில்ல, அப்போ பத்து மணிக்கே மெசேஜ் போயிடணும். நான் அனுப்பினது இப்படி:

> வணக்கம்ணா.
> நேத்து முடிஞ்சது: பேபி செட் பேஜ். டெஸ்ட் லிங்க்ல பாக்கலாம்.
> இன்னைக்கு: கார்ட் பேஜ்.
> உங்ககிட்ட இருந்து வேணும்: சைஸ் சார்ட், ராம்பர் போட்டோ 12.
> வெள்ளிக்கிழமை டெலிவரில மாற்றம் இல்ல.

கடைசி ரெண்டு வரிதான் உயிர். "உங்ககிட்ட இருந்து வேணும்"னு எழுதினா அவரோட கவனம் என்னை துரத்துறதுல இருந்து போட்டோ எடுக்குறதுக்கு திரும்பிடும், லேட் ஆனா யாரால லேட்னும் தேதியோட எழுத்துல நிக்கும். "மாற்றம் இல்ல"ங்கிற வரி அவர் 34 தடவை கூப்பிட்டு கேட்டதுக்கான பதில். முடிக்காததை முடிச்சேன்னு ஒரு நாள் கூட எழுதிடாதீங்க, லிங்க்ல போய் பாத்துட்டு இல்லைன்னா அப்புறம் நீங்க அனுப்புற எந்த அப்டேட்டையும் நம்ப மாட்டார். ஒரு வாரத்துல எனக்கு 61 கால் 38 ஆச்சு, இன்னும் ஒரு ரூல் கூட சொல்லல.

ஸ்டெப் 4: பேசுங்க, அதுவும் ஒரு டெலிவரி குடுத்த அடுத்த நாள்

நீங்க லேட்டா இருக்கும்போது இந்த பேச்சை எடுக்கவே கூடாது. நான் ஹோம் பேஜ் ஓகே ஆன மறுநாள் நானே கூப்பிட்டேன். கிட்டத்தட்ட இப்படித்தான் பேசினேன்:

"அண்ணா, ஒரு விஷயம் உங்ககிட்ட கேக்கணும். போன வாரத்துக்கு முந்தின வாரம் நம்ம வேலைக்குன்னு வச்ச நேரத்துல அஞ்சு மணி நேரம் போன்லயே போயிருச்சுங்ணா. கோட் எழுதிட்டு இருக்கும்போது கால் எடுத்தா விட்ட இடத்தை மறுபடி புடிக்கவே நேரம் ஆகுது. அந்த நேரத்தை வேலையில போட்டா உங்களுக்குத்தான் சீக்கிரம் முடியும். தினமும் 11 மணிக்கு நானே உங்களை கூப்பிடுறேன், 15 நிமிஷம், எல்லாத்தையும் பேசிடலாம். நடுவுல தோணுறதை வாட்ஸ்ஆப்ல போட்டு விடுங்க, காலைல 10ல இருந்து சாயந்தரம் 6 வரைக்கும் எப்ப போட்டாலும் ரெண்டு மணி நேரத்துக்குள்ள பதில் வரும். உங்களுக்கு 11 மணி தோதா, வேற நேரம் வேணுமா?"

இதுல மூணு விஷயம் கவனிங்க. நீங்க "கூப்பிடாதீங்க"ன்னு சொல்லல, "நானே கூப்பிடுறேன்"னு சொல்றீங்க. நேரத்தை அவரே தேர்ந்தெடுக்கிறார், அதனால அது அவர் போட்ட ரூல் மாதிரி ஆயிடுது. அப்புறம், ஒரு நாளைக்கு பத்து கால் பண்றவரை ஒரே அடியா வாரத்துக்கு ரெண்டு கால்னு இறக்காதீங்க, தாங்க மாட்டார். முதல் ரெண்டு வாரம் தினமும், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுக்கு அப்புறம் வாரத்துக்கு ரெண்டு.

எது அவசரம்னு அப்பவே பேசி முடிச்சுக்கணும். நாங்க வச்சது: பழைய சைட் திறக்கல, வாடிக்கையாளர் காசு கட்ட முடியல, தப்பான விலை வெளிய தெரியுது. இந்த மூணும்னா மெசேஜ்ல "அவசரம்"னு ஒரு வார்த்தை போட்டுட்டு எப்ப வேணா கூப்பிடலாம், நான் எடுப்பேன். போனை வச்ச பத்து நிமிஷத்துல பேசினது எல்லாத்தையும் மெசேஜா அனுப்பி "சரிதானேண்ணா?"ன்னு கேட்டு ஓகே வாங்கிட்டு, சாட்ல அதை பின் பண்ணி வச்சேன்.

ஸ்டெப் 5: முதல் பத்து நாள்

ரூல் நிக்குமா நிக்காதான்னு இங்கதான் தெரியும். அவர் கண்டிப்பா கூப்பிடுவார், பழக்கம் அப்படி. ரெண்டு கால் எடுக்காம மூணாவது காலை எடுத்துட்டீங்கன்னா "மூணு தடவை அடிச்சா எடுப்பான்"னு நீங்களே கத்துக் குடுத்த மாதிரி, அதுக்கப்புறம் எப்பவும் மூணு தடவை அடிப்பார். எடுக்கிறதுன்னா முதல் காலையே எடுங்க, இல்லைன்னா எடுக்கவே வேண்டாம். ஆனா எடுக்காம சும்மா மட்டும் இருந்துடாதீங்க, அவரோட பழைய பயம் உங்களுக்கு தெரியும். பத்து நிமிஷத்துக்குள்ள இது போகணும்:

> அண்ணா, கார்ட் பேஜ் வேலையில இருக்கேன். விஷயத்தை ஒரு வரி போடுங்க, 11 மணி கால்ல முதல் விஷயமா பேசலாம். அவசரம்னா "அவசரம்"னு போடுங்க, எடுக்கிறேன்.

இதை தினமும் டைப் பண்ண வேண்டாம். வாட்ஸ்ஆப் பிசினஸ் ஆப்ல Quick replies-ல சேத்து வச்சா `/` போட்டு சுருக்கப் பேரை தட்டினா வந்துடும். அதுலயே Away message-ம் இருக்கு, வேலை நேரத்துக்கு வெளிய வர்ற மெசேஜுக்கு தானா பதில் போகும், ஆனா காலுக்கு அது போகாது, மெசேஜுக்கு மட்டும்தான்.

போன் செட்டிங்ல ஒரு குழி இருக்கு, நான் அதுல விழுந்திருக்கேன். வேலை நேரத்துல Do Not Disturb போட்டும் அவர் கால் மட்டும் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. காரணம் ஆண்ட்ராய்டுல Repeat callers-னு ஒண்ணு இருக்கு, ஒரே ஆள் 15 நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது தடவை கூப்பிட்டா அந்த காலை உள்ள விட்டுடும். ஐபோன்ல Allow Repeated Calls, அது மூணு நிமிஷத்துக்குள்ள. திரும்பத் திரும்ப அடிக்கிற கிளையன்ட்டுக்கு இது திறந்த கதவு. வீட்டு அவசரத்துக்கு உங்க வீட்டு நம்பர்களை தனியா அனுமதிச்சுட்டு இதை ஆஃப் பண்ணுங்க.

நாலாவது நாள் எனக்கு வந்துச்சு: "காசு குடுக்குறவன் நானு, போன் எடுக்க மாட்டியா தம்பி?" மெசேஜ்ல விவாதம் பண்ணாதீங்க, எழுத்துல எல்லாமே சூடாத்தான் தெரியும். "புரியுதுங்ணா, 11 மணிக்கு பேசுறேன்"னு மட்டும் போட்டேன். சரியா 11:00க்கு கூப்பிட்டேன், 11:05 இல்ல. முதல் வரியே அவர் காலைல கேட்ட விஷயத்துக்கு பதில். நீங்க சொன்ன நேரத்துக்கு ஒரு நாள் கூப்பிட மறந்தாலும் ரூல் அன்னைக்கே செத்துடும், அதனால அலாரம் வைங்க.

சறுக்குற இடங்கள்

டைப் பண்ண வராதவர்னா வாய்ஸ் நோட் அனுப்பட்டும், இந்த திருப்பூர் அண்ணனும் அப்படித்தான், ஒரு நிமிஷத்துக்குள்ள இருந்தா போதும்னு கேட்டுக்கிட்டேன். "அவசரம்"னு போட்டுட்டு பேனர் கலர் பத்தி பேசினது ரெண்டு தடவை நடந்துச்சு. ரெண்டு தடவையும் எடுத்தேன், "இது 11 மணி விஷயம்ணா, லிஸ்ட்ல எழுதிட்டேன்"னு சொல்லி வச்சேன். மூணாவது தடவை நடக்கல. புது ஐடியா எல்லாத்துக்கும் ஷீட்ல ஒரு தனி டேப் போட்டு, இது குவோட்டேஷன்ல இருக்கா இல்லையா, இல்லைன்னா எவ்வளவுன்னு பக்கத்துலயே எழுதினேன், ராத்திரி ஒன்பது மணி ஐடியா கால் தானா குறைஞ்சுது.

கெட்ட வார்த்தை பேசுறவர்கிட்ட இது எதுவும் வேலைக்கு ஆகாது. அங்க கையில இருக்கிற கட்டத்தை முடிச்சு, காசை வாங்கிட்டு, ஃபைல் எல்லாம் ஒப்படைச்சுட்டு வெளிய வந்துடுங்க.

எங்க வேலை எட்டாவது வாரம் முடிஞ்சுது, ஒரு வாரம் லேட், போட்டோ வர்றதுக்கு ஆன தாமதம், அதுவும் தினசரி மெசேஜ்ல தேதியோட இருந்ததால பேச்சே வரல. கடைசி வாரம் மொத்தம் 7 கால், அதுல 2 நான் பண்ணது. அவரே அடுத்து மொத்த வியாபாரத்துக்கு தனி ஆர்டர் பேஜ் கேட்டார். அந்த குவோட்டேஷன்ல விலைக்கு கீழ இந்த ரெண்டு வரியை சேத்து அனுப்பினேன், ஒரு கேள்வி கேக்காம ஓகே சொன்னார்:

> வாரம் 2 கால், தலா 20 நிமிஷம், இந்த விலையில சேர்ந்தது.
> தினமும் காலை 10 மணிக்கு வாட்ஸ்ஆப் அப்டேட் வரும்.