பழைய பேராசிரியரிடம் மேற்படிப்பு ஆலோசனை கேட்டுக் கடிதம் எழுதுவது எப்படி?

இளநிலை இயற்பியல் முடித்த ஆண்டில் எனக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று சென்னை ஐ.ஐ.டி.யில் இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. படிப்பு; மற்றொன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஒருங்கிணைந்த முனைவர் படிப்பு. எம்.எஸ்சி.க்கு ஜாம் தேர்வின் மதிப்பெண் போதும். பெங்களூரில் அதற்கு மேல் நேர்காணலும் உண்டு. எதில் சேர்வது என்று கல்லூரியில் எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியரைக் கேட்டு எழுதிய முதல் கடிதத்துக்கு, "இரண்டும் நல்ல இடங்கள், வாழ்த்துகள்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. நான்கு நாள் கழித்து மாற்றி எழுதிய இரண்டாவது கடிதத்துக்கு இரண்டு பக்கப் பதில் வந்தது. அந்த இரண்டாவது கடிதத்தை எப்படி எழுதினேன் என்பதையே இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

படி 1: கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். மனத்தில் உள்ள கேள்விகளில் நிறுவனத்தின் இணையதளமோ அங்கே படிக்கும் மூத்த மாணவரோ பதில் சொல்லக்கூடியவற்றை இடப்புறம் எழுதுங்கள். படிப்புக் காலம், கட்டணம், உதவித்தொகை, விடுதி, பாதியில் விலகினால் முதுநிலைப் பட்டம் தருவார்களா என்பதெல்லாம் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை. உங்களை நேரில் பார்த்துப் பாடம் நடத்தியவர் மட்டுமே பதில் சொல்லக்கூடியவை வலப்புறத்துக்கு உரியவை. என் தாளில் இடப்புறம் பதினொரு கேள்விகளும் வலப்புறம் இரண்டே கேள்விகளும் இருந்தன. முதல் கடிதத்தில், எதில் சேர்வது என்பதைத் தவிர நான் கேட்டிருந்தவை அனைத்தும் இடப்புறக் கேள்விகள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

படி 2: தொடக்கம்

"மதிப்பிற்குரிய ஐயா" அல்லது "மதிப்பிற்குரிய அம்மா" என்று தொடங்கினால் போதும்; அடைமொழிகளை அடுக்க வேண்டியதில்லை. நலம் விசாரிப்பு ஒரு வாக்கியம். அதையடுத்து நீங்கள் யார் என்பதை, அவர் நினைவில் நிற்கக்கூடிய ஒரு நிகழ்ச்சியோடு சேர்த்துச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் புதிய வகுப்புகளைப் பார்க்கும் ஆசிரியருக்குப் பெயரும் பதிவெண்ணும் மட்டும் கொடுத்தால் முகம் நினைவுக்கு வராது. நான் எழுதியது இது:

> நான் தங்களிடம் மூன்றாம் ஆண்டு செய்முறை வகுப்பில் பயின்றவள். லீ வட்டு முறையில் அட்டையின் வெப்பக் கடத்துத்திறனை அளந்தபோது, வெப்பநிலை நிலைபெறும் முன்பே அளவெடுத்து விடை தவறிப்போய், தங்கள் அனுமதியோடு மேலும் மூன்று நாள் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தேன்.

படி 3: இரண்டு வாய்ப்புகளையும் ஒரே பத்தியில்

இணையதளத்தில் உள்ள விவரங்களை நகலெடுத்து ஒட்ட வேண்டாம். உங்கள் முடிவை எது மாற்றுமோ அந்த வேறுபாட்டை மட்டும் எழுதுங்கள். சென்னையில் இரண்டு ஆண்டில் பட்டம் கிடைத்துவிடும். ஆய்வைத் தொடர விரும்பினால் நெட், கேட், ஜெஸ்ட் போன்ற தேர்வுகளை எழுதி வேறிடம் செல்ல வேண்டும். பெங்களூரில் பாடங்களும் ஆய்வும் ஒரே தொடர்ச்சி. மீண்டும் நுழைவுத் தேர்வு இல்லை, உதவித்தொகை உண்டு, ஆனால் பல ஆண்டுகள் ஒரே இடத்துக்கு நம்மை ஒப்படைக்க வேண்டும். இதை நான்கு வாக்கியங்களில் முடித்தேன்.

வீட்டு நிலைமையையும் இந்தப் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். அது கெஞ்சுவதாகிவிடுமோ என்று தயங்கி, முதல் கடிதத்தில் நான் அதை விட்டுவிட்டேன். தங்கையின் படிப்பும் அப்பாவின் ஒரே சம்பளத்தை நம்பியிருக்கிறது என்பது தெரியாதவரால் உதவித்தொகைக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று எப்படிச் சொல்ல முடியும்? ஒரே வாக்கியத்தில், வருத்தம் கலக்காமல் எழுதினால் போதும்.

படி 4: கேள்வி

நான் இடறியது இங்கேதான். முதல் கடிதத்தை "எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று தாங்கள் கூற வேண்டும்" என்று முடித்திருந்தேன். இப்படிக் கேட்டால் இன்னொருவர் வாழ்க்கையின் பொறுப்பு முழுவதையும் ஆசிரியர் தலையில் ஏற்றுகிறோம். கவனமுள்ள எந்த ஆசிரியரும் அதை ஏற்கத் தயங்கி, பொதுவாக வாழ்த்திவிடுவார். அவர் கண்ணால் கண்டதைப் பற்றிக் கேட்டால் அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும். அதோடு, உங்கள் மனம் இப்போது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அதில் எந்த இடத்தில் ஐயம் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். மறுத்துச் சொல்வதற்கு ஒரு கருத்து இருந்தால்தான் அவரால் மறுக்க முடியும்.

> உதவித்தொகையை எண்ணி ஒருங்கிணைந்த படிப்பின் பக்கமே என் மனம் சாய்கிறது. ஆனால் ஒரு சோதனையைப் பொறுமையாகத் திரும்பச் செய்வது வேறு, பல ஆண்டுகள் ஒரு கேள்வியைத் தொடர்வது வேறு என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. ஆய்வகத்தில் என்னைக் கண்டவர் என்ற முறையில், இப்போதே நீண்ட ஆய்வுக்குள் நுழையும் பக்குவம் எனக்கு இருப்பதாகத் தங்களுக்குத் தோன்றுகிறதா? என்னிடம் எந்தக் குறையைக் கண்டீர்கள் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

இரண்டு கேள்விகளுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது ஒன்று சேர்ந்தால் எளிதான கேள்விக்கு மட்டும் பதில் வரும்.

படி 5: தேதி, முடிப்பு

இடத்தை ஏற்றுக்கொள்ளும் கடைசி நாளை எழுதி, அதற்கு மூன்று நாள் முன்னதாகப் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும் என்று கேளுங்கள். "விரைவில்" என்ற சொல்லுக்கு ஆளுக்கு ஒரு பொருள் உண்டு. தொலைபேசியில் பேசுவது அவருக்கு எளிதென்றால் எந்த நேரத்தில் அழைக்கலாம் என்று கேட்டு ஒரு வரி சேர்க்கலாம். பரிந்துரைக் கடிதத்தை இதே கடிதத்தில் கேட்காதீர்கள். ஆலோசனை என்ற பெயரில் வேறொன்றுக்கு அடி போடுவதாக அது தோன்றிவிடும். "தங்கள் மாணவி" என்று எழுதிப் பெயர், படித்த ஆண்டு, தொலைபேசி எண்ணோடு முடித்துவிடலாம்.

அனுப்பும் முறையில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பும் நீண்ட செய்தி மற்ற செய்திகளுக்கிடையே புதைந்துவிடும், மின்னஞ்சலே சரி. கடிதத்தைக் கோப்பாக இணைக்காமல் மின்னஞ்சலிலேயே எழுதுங்கள். பொருள் வரியில் "எம்.எஸ்சி. / ஒருங்கிணைந்த முனைவர் படிப்பு: தங்கள் ஆலோசனை வேண்டி" என்பது போலத் தெளிவாக இருக்கட்டும்.

பின்னர் சேர்த்தது: இதைப் படித்து எழுதிய ஒருவரின் கடிதம், பேராசிரியரின் திரையில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்திருக்கிறது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் ஒட்டியதே காரணம். ஒருங்குறியில் எழுதி, முதலில் உங்கள் இன்னொரு முகவரிக்கு அனுப்பிப் பாருங்கள். இன்னொருவர், தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்தில் எழுத வேண்டுமா என்று கேட்டிருந்தார். வகுப்புக்கு வெளியே அவரிடம் எந்த மொழியில் பேசினீர்களோ அதிலேயே எழுதுங்கள்.

படி 6: பதில் வந்த பிறகு

எனக்கு வந்த பதிலில், அளவெடுப்பதில் எனக்குள்ள பொறுமை உண்மையானது என்றும், ஆனால் மூன்று ஆண்டில் ஒரு முறைகூட நானாக ஒரு கேள்வியை எழுப்பிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்ததில்லை என்றும் எழுதியிருந்தார். முதுநிலைத் திட்டப்பணியில் அந்தப் பழக்கம் வருகிறதா என்று பார்த்தபின் ஆய்வுக்குச் செல்லலாம் என்பது அவர் கருத்து. அன்றே நன்றி தெரிவித்து இரண்டு வரி எழுதினேன். அடுத்த வாரம் சென்னையில் சேர்ந்ததும், அவர் சொன்னதில் எது என் முடிவை மாற்றியது, உதவித்தொகை இல்லாத இரண்டு ஆண்டுகளுக்குக் கல்விக் கடனை எப்படி ஏற்பாடு செய்தோம் என்பதை விளக்கி இன்னொரு கடிதம் அனுப்பினேன். அவர் சொன்னதற்கு மாறாகப் பெங்களூரைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், காரணத்தோடு அந்தக் கடிதத்தை அனுப்பியே இருப்பேன்.