பழைய கையேட்டிலிருந்து கலைச்சொல் பட்டியல்: வேர்வடிவத்தைப் பதியுங்கள்

கப்பலூர் தொழிற்பேட்டைக்காகப் பம்பு கையேடுகளைத் தமிழாக்குகிறவர்களுக்கு இது உதவும். பழைய ஆங்கிலக் கையேட்டை AntConc என்ற சொல் ஆய்வு மென்பொருளில் ஏற்றி, இரண்டு மூன்று சொல் தொடர்களில் அடிக்கடி வருபவற்றை எடுங்கள். அதில் பாதி குப்பைதான். பம்பு மெக்கானிக் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு வடிகட்டுவது நல்லது.

சிக்கல் அப்புறம்தான் வரும். ‘பிரஷர்’ கூடாது, ‘அழுத்தம்’ என்று முடிவு செய்து அப்படியே பதிந்தால், மொழிபெயர்ப்பில் சரியாக இருக்கும் ‘அழுத்தத்தை’, ‘அழுத்தத்தில்’ எல்லாவற்றையும், பட்டியல் சொல் மொழிபெயர்ப்பில் வந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக் கருவி பிழை என்று காட்டும். பொய் எச்சரிக்கை குவிந்தால் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள்.

சரி, ‘அழுத்த’ என்று வெட்டிப் பதியலாமா? ‘பொத்தானை அழுத்தவும்’ என்ற வரியும் அதில் பொருந்திவிடும். அந்த வாக்கியத்தில் ‘அழுத்தம்’ விடுபட்டுப்போனாலும் கருவி சும்மா இருக்கும். அதனால் ரெகெக்ஸ் என்ற தேடல் வடிவத்தை ஏற்கும் கருவியில் இப்படிக் கொடுங்கள்:

```
அழுத்த(ம|த்த|ங்க)
```

‘அழுத்தம்’ என்பதன் பெரும்பாலான வடிவங்கள் இதில் அடங்கும். மகரத்தில் முடியும் மற்றப் பெயர்ச்சொற்களில் பெரும்பாலானவற்றையும் இதே அமைப்பில் எழுதலாம். ‘அழுத்தக் குழாய்’ போன்ற கூட்டுச்சொற்கள் அடங்காது. அவற்றைத் தனிப் பதிவாகச் சேருங்கள். ‘பிரஷர்’, ‘ப்ரெஷர்’ இரண்டையும் விலக்கப்பட்ட சொற்களில் போட்டுவிடுங்கள்.