₹3.6 லட்சம் கேட்டு ஜி.எம்.முக்கு ஒரு மெயில்: எழுதும் முறை

என் முதல் பட்ஜெட் மெயில் இரண்டு பக்கம். கம்ப்ரசர் எப்படி வேலை செய்கிறது, அது எவ்வளவு பழையது, நான்கு நிறுவனங்களின் கொட்டேஷன் என எல்லாம் அதில் இருந்தது. கடைசி வரியில் "ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்திருந்தேன். ஜி.எம். "பார்த்தேன்" என்று ஒரு வார்த்தையில் பதில் போட்டார். அவர் மீது தப்பில்லை. எவ்வளவு பணம், எதற்கு, எப்போதைக்குள் என்று நான் எங்குமே கேட்கவில்லை.

அதே கம்ப்ரசருக்காக மறுபடி எழுதிய மெயிலை வைத்தே இங்கே சொல்கிறேன். இரண்டு ஷிப்ட் ஓடும் ஒரு மெஷின் ஷாப்பில் 37 கிலோவாட் ஸ்க்ரூ கம்ப்ரசர் ஒன்று இருக்கிறது. அதற்கு வி.எஃப்.டி பொருத்த வேண்டும், அதாவது காற்றின் தேவைக்கு ஏற்ப மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்.

முதல் படி: இப்போது வீணாவதை ரூபாயில் சொல்லுங்கள்

"மின்சாரம் நிறைய வீணாகிறது சார்" என்று எழுதினால் யாரும் பணம் தர மாட்டார்கள். அளந்து காட்ட வேண்டும். ஓடிய நேரத்தை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. மொத்தம் ஓடிய மணி, லோடில் ஓடிய மணி இரண்டையும் கம்ப்ரசர் டிஸ்ப்ளேயே காட்டும். மாதத்தின் முதல் நாளும் கடைசி நாளும் அதைக் குறித்துக்கொண்டேன். ஓடியது 400 மணி, லோடில் 240 மணி. மீதி 160 மணி அன்லோடு, அதாவது காற்றே தராமல் மோட்டார் சும்மா சுற்றிய நேரம்.

சும்மா சுற்றினாலும் மின்சாரம் போகும். கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்துக் கணக்கிட்டதில் லோடில் சுமார் 40 கிலோவாட், அன்லோடில் சுமார் 14. யூனிட்டுக்கு ₹8 என்று வைத்தால், மாதம் ஏறக்குறைய ₹18,000 எதற்கும் பயன்படாமல் போகிறது.

யூனிட் விலையில் ஒரு பொறி இருக்கிறது. மொத்த மின் கட்டணத்தை மொத்த யூனிட்டால் வகுத்தால் விலை கூடுதலாக வரும், மிச்சமும் பெரிதாகத் தெரியும். ஆனால் அதிகபட்ச மின்தேவைக்கு என்று வாங்கும் டிமாண்ட் கட்டணம் யூனிட் குறைந்தால் தானாகக் குறையாது. யூனிட்டுக்கு என்று வரும் பகுதியை மட்டும் எடுங்கள். அக்கவுண்ட்ஸில் இதைக் கண்டுபிடித்துவிட்டால் உங்கள் மற்ற எண்களையும் நம்ப மாட்டார்கள்.

இரண்டாம் படி: மலிவான வழியை நீங்களே முதலில் சோதியுங்கள்

கம்ப்ரசர் என்றாலே மேலதிகாரி கேட்கும் முதல் கேள்வி, "லீக்கை அடைத்தாலே போதாதா?" என்பதுதான். அதற்கான பதில் மெயிலிலேயே இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எந்த மெஷினும் ஓடாதபோது கம்ப்ரசரை மட்டும் ஓட்டினோம். ஒரு நிமிடம் லோடு, மூன்று நிமிடம் அன்லோடு என்று மாறி மாறி ஓடியது. காற்றை யாருமே எடுக்காதபோதும் நான்கில் ஒரு பங்கு நேரம் லோடு ஆகிறது என்றால், கம்ப்ரசரின் திறனில் 25 சதவீதம் லீக்கில் போகிறது. ஹோஸ், கப்ளர், டிரெய்ன் வால்வு மாற்றி அதை 10 சதவீதத்துக்குக் கொண்டுவர ₹40,000 ஆகும். மாதம் சுமார் ₹12,500 மிச்சம்.

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. லீக் குறைந்தால் லோடு மணி 240-லிருந்து 180 ஆகும். ஆனால் ஷிப்ட் முழுக்க கம்ப்ரசர் ஓடத்தான் செய்யும், அதனால் அன்லோடு 160-லிருந்து 220 மணியாகக் கூடும். சும்மா சுற்றும் செலவு ₹18,000-லிருந்து ₹24,000-ஐத் தாண்டிவிடும். அடைத்த லீக்கின் பலனில் ஒரு பகுதி இப்படிக் கையை விட்டுப் போகிறது. டிரைவ் எதற்கு என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

மூன்றாம் படி: இரண்டு செலவையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்

லீக் வேலையையும் டிரைவையும் சேர்த்து ₹4 லட்சம் என்று கேட்டால் கணக்கு அழகாக வரும். லீக் வேலை மூன்றே மாதத்தில் பணத்தைத் திருப்பித் தருவதால் டிரைவும் அதன் நிழலில் நன்றாகத் தெரியும். எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் அனுபவம் உள்ளவர் உடனே பிரித்துக் கேட்பார்.

அதனால் லீக் வேலையை எங்கள் பராமரிப்புச் செலவிலேயே முடிப்பதாக எழுதிவிட்டு, டிரைவுக்கு மட்டும் ₹3.6 லட்சம் கேட்டேன். இதில் டிரைவ், பேனல், பிரஷர் சென்சார், பொருத்தும் கூலி எல்லாம் அடக்கம். ஜி.எஸ்.டி.யைத் தனியாகக் காட்டினேன், ஏனென்றால் உள்ளீட்டு வரியாக அது திரும்பக் கிடைக்கும்.

லீக் அடைத்த பிறகு டிரைவ் தரும் மிச்சம், டிரைவின் சொந்த இழப்பு போக, கணக்குப்படி மாதம் ₹22,000-க்குக் கொஞ்சம் மேல். அதை ₹18,000 என்று குறைத்தே எழுதினேன். ஸ்க்ரூ கம்ப்ரசரை ஓரளவுக்குக் கீழே மெதுவாகச் சுற்றவிட முடியாது, அந்த நேரங்களில் அது பழையபடி அன்லோடு ஆகும். அப்படிப் பார்த்தால் போட்ட பணம் 20 மாதத்தில் திரும்பும்.

நான்காம் படி: முடிவை முதல் வரியில் கேளுங்கள்

மெயில் இவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசையை மாற்ற வேண்டாம்.

> பொருள்: கம்ப்ரசர் டிரைவ், ₹3.6 லட்சம், 10-ம் தேதிக்குள் ஒப்புதல் தேவை
>
> வணக்கம் சார்,
>
> 37 கிலோவாட் கம்ப்ரசருக்கு வி.எஃப்.டி பொருத்த ₹3.6 லட்சத்துக்கு (ஜி.எஸ்.டி தனி) உங்கள் ஒப்புதல் வேண்டும்.
>
> மாதம் 160 மணி நேரம் கம்ப்ரசர் சும்மா சுற்றுகிறது, அதற்கு ₹18,000 ஆகிறது. லீக்குகளை ₹40,000-இல் எங்கள் செலவிலேயே அடைக்கிறோம். அதன் பிறகு டிரைவால் மாதம் ₹18,000 மிச்சமாகும், 20 மாதத்தில் பணம் திரும்பும்.
>
> டிரைவ் வர நான்கு வாரம் ஆகும். 10-ம் தேதிக்குள் ஆர்டர் போட்டால் ஆயுத பூஜை விடுமுறையில் உற்பத்தி நிற்காமல் பொருத்திவிடலாம். தவறினால் பொங்கல் விடுமுறைதான், அதுவரை மாதம் ₹18,000 தொடரும்.
>
> ரீடிங்கும் கொட்டேஷனும் இணைப்பில் உள்ளன.

கெடுவுக்குப் பின்னால் உண்மையான காரணம் இருப்பதைக் கவனியுங்கள். "விரைவில்" என்று எழுதியிருந்தால் மெயில் கீழே போயிருக்கும். கொட்டேஷன் காலாவதித் தேதியை மட்டும் கெடுவாகக் காட்டுவதும் எடுபடாது. ஒரு போன் போட்டால் அது நீளும் என்று அவருக்கே தெரியும்.

நான் விட்டுவிட்ட ஒன்று

ஜி.எம். அன்று மாலையே கூப்பிட்டுக் கேட்டார்: "ஆர்டர் குறைஞ்சு ஒரு ஷிப்ட் ஆயிட்டா?" எனக்கு வாய் அடைத்துவிட்டது. ஓடும் நேரம் பாதியானால் மிச்சமும் பாதி, 20 மாதம் 40 மாதமாகிவிடும். இந்த ஒரு வரியை மெயிலிலேயே எழுதியிருக்க வேண்டும். எந்த ஊகம் பொய்த்தால் கணக்கு அதிகம் உடையுமோ, அதை நாமே சொல்லிவிட்டால் பேச்சு அங்கிருந்து நல்லபடியாகத் தொடங்கும்.

அவர் மறுக்கவில்லை. "முதல்ல லீக்கை முடிங்க. ஒரு மாச ரீடிங் காட்டுங்க. 220 மணி வந்தா பி.ஓ. போட்டுக்கலாம்" என்றார். அடுத்த மாத ரீடிங்கில் அன்லோடு 212 மணி. ஆயுத பூஜை கைநழுவியது, டிரைவ் பொங்கல் விடுமுறையில் ஏறியது.