முன்ஜாமீன் இல்லாத ஊரில் ஜாமீன் எடுப்பது எப்படி?

போலீஸ் தேடுகிறது என்று தெரிந்ததும் கோலாலம்பூரில் பலர் வக்கீலிடம் முதலில் கேட்பது முன்ஜாமீன். செய்தியிலும் சினிமாவிலும் பார்த்த பழக்கம். அது இந்தியாவில் உண்டு. ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றத்துக்குக் கைதாவோம் என்று நியாயமான அச்சம் இருந்தால், கைதுக்கு முன்பே செஷன்ஸ் நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோ அணுகலாம். 2024 ஜூலை முதல் இதற்கான பிரிவு, இந்தியாவின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 482. விசாரணைக்கு வர வேண்டும், சாட்சிகளை மிரட்டக்கூடாது, அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்று நிபந்தனை வரும். தமிழ்நாட்டில் தினமும் காலை ஸ்டேஷனில் கையெழுத்துப் போடச் சொல்வதும் சகஜம். கைதாகிவிட்டால் வழக்கமான ஜாமீன்தான் கேட்கவேண்டும்.

மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முன்ஜாமீனுக்கென்று பிரிவே கிடையாது. எனவே ஒளிந்துகொள்ளாமல் வக்கீலோடு போலீஸ் நிலையம் போவதே நல்லது. ஓடிப்போனவர் என்ற பெயர் வந்தால் பின்னால் ஜாமீன் கேட்கும்போது அது எதிராக நிற்கும்.

ஒருவர்மீது தண்டனைச் சட்டம் 420, அதாவது மோசடிப் புகார் என்று வைத்துக்கொள்வோம். அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டுச் சிறை. வாக்குமூலம் வாங்கிவிட்டு போலீஸ் ஜாமீனில் அனுப்பலாம். அனுப்பாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்முன் நிறுத்தித் தடுப்புக் காவல் கேட்பார்கள். 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனை என்பதால் முதலில் 4 நாள், பிறகு 3 நாள் வரைதான் கொடுக்கலாம்.

குற்றம் சாட்டப்படும் நாளில்தான் நீதிமன்ற ஜாமீன். சாதாரணக் காயம் போன்ற சிறிய குற்றங்களில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 387-ஆம் பிரிவின்படி அது உரிமை. 420 போன்ற மோசடி வழக்கில் அதே சட்டத்தின் 388-ஆம் பிரிவின்படி நீதிபதியின் விருப்பம். தொகையைச் சொல்வதற்கு முன்பே சம்பளம், பிள்ளைகள், நிரந்தர முகவரி ஆகியவற்றை வக்கீல் எடுத்துச் சொல்லிவிட வேண்டும். பிறகு குறைக்கச் சொன்னால் உயர் நீதிமன்றம்வரை அலைய நேரலாம்.

8,000 ரிங்கிட், ஒரு ஜாமீன்தாரர் என்று உத்தரவானால், ஜாமீன்தாரர் மைகாட்டோடு நீதிமன்ற ஜாமீன் கவுண்டருக்குப் போகவேண்டும். அங்கே சொல்கிறபடி பணத்தைக் கட்டிப் பத்திரத்தில் கையெழுத்திட்டால்தான் விடுதலை உத்தரவு வரும். பெரும்பாலும் கோளாறு இங்கேதான்: உத்தரவு மதியத்துக்குமேல் வந்து, பணமோ ஜாமீன்தாரரோ கவுண்டர் மூடுவதற்குள் வராவிட்டால், அன்றிரவு சிறைதான். வெள்ளிக்கிழமையென்றால் திங்கள்வரை இழுத்துவிடும். ஆகவே பணத்தையும் மலேசியக் குடிமகனான ஒருவரையும் காலையிலேயே தயாராக வைத்திருங்கள்.

பாஸ்போர்ட்டை ஒப்படைக்கவும், மாதம் ஒருமுறை போலீஸ் நிலையத்தில் முகம் காட்டவும் அடிக்கடி சொல்வார்கள். இந்தியாவில் கல்யாணம், காரியம் என்றாலும் பாஸ்போர்ட்டைத் தற்காலிகமாகத் திரும்பப் பெற நீதிமன்றத்தில் மனுப் போடவேண்டும். டிக்கெட் வாங்குவது அதற்கப்புறம்.

ஜாமீன்தாரராகும் மாமா, சித்தப்பாக்களுக்கு ஒன்று: குற்றம் சாட்டப்பட்டவர் நீதிமன்றத்தில் ஒரு தவணைக்கு வராவிட்டால் உங்கள் பணம் பறிமுதலாகலாம். அவர்மேல் நம்பிக்கை போய்விட்டால், சும்மா இருக்காமல் ஜாமீனிலிருந்து விடுவிக்கச் சொல்லி நீதிமன்றத்திடம் விண்ணப்பிக்கலாம்.